நீண்டுபோன செடிக்குக் கத்தி முதல் மருந்தல்ல

எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடியை நர்சரியில் பார்க்கும்போது தண்டு இருப்பதே தெரியாது. தடித்த இலைகள் ஒன்றையொன்று தொட்டபடி சுற்றிச் சுற்றி அடுக்கி, தொட்டியின் விளிம்போடு படிந்திருக்கும். அதே செடியை வீட்டுக்குள் வைத்த சில மாதங்களில் பலர் காண்பது வேறு. நடுவிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று கிளம்பி ஜன்னல் பக்கம் சாய்கிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்திருந்த நிறம் வெளிறிப் பச்சையாகிறது.

சென்னையில் அடுக்ககம் ஒன்றில் இருக்கும் என் சித்தி மகள் அப்படியொரு செடியின் படத்தை அனுப்பிவிட்டு, உடனே போனில் அழைத்தாள். “அக்கா, செடி நல்லா உயரமாத்தான் வளருது. ஆனா பார்க்கவே நல்லா இல்ல. தலையை வெட்டி நட்டா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. வெட்டிடட்டுமா?” என்றாள். செடி வளர்ப்பவர்களிடம் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வெட்டலாம். ஆனால் வெட்டு எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று தெரிந்துகொண்டு வெட்ட வேண்டும்.

உயரம் கூடியது, வளர்ச்சி கூடவில்லை

அவளுடைய செடி ‘பெர்லே வான் நியூரன்பெர்க்’ என்ற வகை. எச்சிவேரியாக்களில் பரவலாகக் கிடைக்கும் கலப்பினம் இது. எச்சிவேரியா இனத்தின் பெரும்பாலான செடிகளுக்குத் தாயகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. திறந்த பாறைச் சரிவுகளில், மறைப்பில்லாத வெயிலிலும் குளிர்ந்த இரவுகளிலும் வளர்ந்து பழகியவை. அடுக்ககத்து வரவேற்பறையில் இவற்றுக்கு முதலில் குறைவது வெளிச்சம்.

வெளிச்சம் குறைந்தால் செடி என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிய உதாரணம் முளைப்பாரி. அம்மன் திருவிழாவுக்காகப் பயறுகளை மண்ணில் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். சில நாட்களில் முளைகள் வெளிர்மஞ்சளாக, மெலிந்து, நெடுநெடுவென்று எழுந்து நிற்கும். மண்ணுக்கடியில் புதைந்த விதை, கையிருப்புச் சத்து தீரும் முன் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதனால் இலையை விரிப்பதையும் பச்சையம் சேர்ப்பதையும் தள்ளிவைத்துவிட்டு, தண்டை நீட்டுவதிலேயே எல்லாவற்றையும் செலவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் எச்சிவேரியாவும் ஓரளவுக்கு இதைத்தான் செய்கிறது. முழு இருட்டு இல்லாததால் பச்சை எஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

செடி ஒரு பக்கமாகச் சாய்வதற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்போது, ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நிழல்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்வதால் தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் புல் முளைகளை வைத்து இந்தச் சாய்வை ஆராய்ந்து 1880இல் நூலாக வெளியிட்டார்கள். முளையின் நுனியை மூடிவிட்டால் அது வெளிச்சத்தை நோக்கி வளைவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள தண்டு.

நீண்டுபோன செடியின் இலைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கச்சிதமாக இருந்திருந்தால் எத்தனை இலை விட்டிருக்குமோ, ஏறத்தாழ அதைவிட அதிகம் இருக்காது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள தண்டுப் பகுதிதான் இழுபட்டிருக்கிறது. சித்தி மகளின் செடியில் அடிப்பகுதி இலைகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. நடுத்தண்டில் அது ஒன்றரை சென்டிமீட்டர். செல்கள் தங்கள் சுவரைத் தளர்த்தி, தண்ணீரை உறிஞ்சி, நீளவாக்கில் விரிந்ததால் வந்த உயரம் இது. அப்படி விரிந்த செல்சுவர் பிறகு கெட்டிப்பட்டு அதே நீளத்தில் நின்றுவிடும். நாளைக்கே நல்ல வெயிலில் வைத்தாலும் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு நாளும் இரண்டு மில்லிமீட்டர் ஆகாது. வெயில் மாற்றக்கூடியது இனி வரப்போகும் இலைகளை மட்டுமே.

எல்லா இடைவெளியும் வெளிச்சக் குறையால் வருவதல்ல

வெட்டுவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். வயதான எச்சிவேரியாவில் அடியிலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிரும். அப்போது கீழே வெறுந்தண்டும் மேலே கச்சிதமான தலையுமாக நிற்கும். உதிர்ந்த இலைகளின் தழும்புகள் தண்டில் நெருக்கமாக இருந்தால் அது வயதின் அடையாளம். தழும்புகள் தள்ளித் தள்ளி இருந்தால் வெளிச்சக் குறை. இலைகளின் நடுவே, சற்றுப் பக்கவாட்டிலிருந்து மெல்லிய காம்பு எழுந்து, அதில் மிகச் சிறிய இலைகளும் நுனியில் மொட்டுகளும் தெரிந்தால் அது பூங்காம்பு. செடியின் தலை அப்போதும் கீழே அப்படியே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து செடியை வெட்ட வேண்டியதில்லை.

உண்மையான நீட்சிக்கு முன்னறிவிப்பு தண்டில் தெரிவதில்லை, இலையில்தான் முதலில் தெரியும். அண்ணாந்து குவிந்திருந்த இலைகள் தட்டையாகிப் பிறகு கீழ்நோக்கித் தொங்க ஆரம்பிக்கும். வரும் வெளிச்சத்தில் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடிக்க, இலை தன் முழுப் பரப்பையும் காட்டுகிறது. இந்தக் கட்டத்தில் இடத்தை மாற்றிவிட்டால் வெட்டும் வேலையே வராது.

ஜனவரியில் இருந்த வெயில் மே மாதம் இல்லை

“முதல்ல ஜன்னல்ல நல்ல வெயில் வந்துச்சே அக்கா” என்றாள் அவள். அவள் சொன்னது உண்மை. டிசம்பரில் செடியை வாங்கித் தெற்குப் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறாள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்சாய்வாகப் போவதால் அந்த ஜன்னலுக்குள் நேர்வெயில் தாராளமாக நுழைந்தது, செடியும் அழகாக இருந்தது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்கிறது. ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பித் தெற்கே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நண்பகலில் நேர்வெயிலே கிடையாது. உச்சியை ஒட்டிய நாட்களில் வருவதையும் மேலே உள்ள சன்ஷேடு தடுத்துவிடும். வெளியே வெயில் கொளுத்தும் மே மாதத்தில்தான் ஜன்னலுக்குள் செடி வெளிச்சத்துக்கு ஏங்குகிறது. அத்துடன் வெக்கையும் சேர்ந்தால் நீட்சி இன்னும் வேகமாகும். அவளுடைய செடி ஏப்ரலில் நீள ஆரம்பித்து ஜூலையில் ஒரு சாணை நெருங்கியது இதனால்தான்.

நம் கண் இதில் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. குறைந்த வெளிச்சத்துக்குக் கண் சட்டென்று பழகிக்கொள்வதால், அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். திறந்த வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி இருக்கும். மேகமூட்டமான பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே அலமாரியில் அது சில நூறு லக்ஸ்தான். எச்சிவேரியா கச்சிதமாக இருக்க, பகலில் பல மணி நேரம் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல் வேண்டும். கருவி இல்லாதவர்கள் எளிய சோதனை ஒன்று செய்யலாம். முற்பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் போதும். விரல்கள் தனித்தனியாகத் தெரியாமல் நிழல் கலங்கலாக விழுந்தால் எச்சிவேரியா அங்கே நீண்டுதான் போகும்.

முதலில் இடமாற்றம், பிறகு கத்தி

வெட்டு தோற்பது பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதால். நீண்ட செடியின் தலையை வெட்டி, நட்டு, மீண்டும் அதே அலமாரியில் வைத்தால் தலை புதிதாக விடும் இலைகளும் இடைவெளியோடுதான் வரும். கீழே விட்ட தண்டில் துளிர்க்கும் கன்றுகள் பிறக்கும்போதே நீண்டு மெலிந்திருக்கும். ஒரு சோணிச் செடி இருந்த இடத்தில் நாலைந்து சோணிச் செடிகள் நிற்கும்.

அதனால் அவளிடம் கத்தியை வைத்துவிட்டு, கிழக்குப் பார்த்த பால்கனிக்குச் செடியைக் கொண்டுபோகச் சொன்னேன். அதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. நிழலில் விரிந்த இலைகளுக்கு வெயிலைத் தாங்கும் நிறமிகளும் வெண்பூச்சும் குறைவு. திடீரென்று நேர்வெயிலில் வைத்தால் இலைகளில் வெளுத்த அல்லது பழுப்புத் திட்டுகள் விழும். அந்தத் தீக்காயம் இலை உதிரும்வரை மறையாது. முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய், காலை பத்து மணிவரை நேர்வெயிலும் அதற்குப் பிறகு நல்ல வெளிச்சமுள்ள நிழலும் என்று நிறுத்தச் சொன்னேன். சமவெளியில் கோடைகாலத்து உச்சி வெயில் பழகிய எச்சிவேரியாவையும் பொசுக்கிவிடும். பால்கனி இல்லாதவர்கள் வெள்ளை எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை இலைகளுக்கு மேல் அரையடியிலிருந்து ஓரடிக்குள் தொங்கவிட்டு, தினமும் 12 மணி நேரம் எரியவிடலாம். உயரத்தில் இருக்கும் அறை விளக்கால் பயனில்லை.

இடமாற்றி ஏழெட்டு வாரத்தில் செடியின் நடுவில் மாற்றம் தெரிந்தது. பழைய இடைவெளி அப்படியே இருக்க, உச்சியில் புதிதாக வந்த இலைகள் சிறியவையாக, தடித்து, நெருக்கமாக, இளஞ்சிவப்பு விளிம்போடு அடுக்கின. புது இடத்தில் வெளிச்சம் போதும் என்பதற்குச் செடியே தந்த சான்று அது. அதுவரை காத்திருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. முன்னமே வெட்டியிருந்தால் கலைந்த இலைகளைக் கொண்ட தலைதான் கையில் வந்திருக்கும். இப்போது கச்சிதமான பகுதிக்குக் கீழே வெட்ட முடிந்தது.

வெட்டும் முறை

செப்டம்பர் முதல் வாரத்தில் வெட்டினாள். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தியிருந்தாள். நீர் குறைந்த தண்டின் வெட்டுவாய் சீக்கிரம் உலரும். புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, நெருங்கிய இலைகளுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் தண்டு தலையோடு வரும்படி ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அந்த மூன்று சென்டிமீட்டரில் உள்ள இலைகளைக் கழற்றிவிட்டால் மண்ணில் ஊன்றக் காம்பு கிடைக்கும். தலை அடர்ந்து, பிளேடு நுழைய இடமில்லாத செடியில் தூண்டில் நரம்பைத் தண்டில் சுற்றி இரு முனையையும் இழுத்தால் இலை சிதையாமல் அறுபடும்.

வெட்டியதும் வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். வெளிர்பச்சையாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. நடுவில் பழுப்பு வளையமோ கரும்புள்ளியோ தெரிந்தால் அழுகல் தண்டுக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளேடை மறுபடி துடைத்து, சுத்தமான பகுதி வரும்வரை மேலே மேலே சீவ வேண்டும்.

அடுத்து வருவது அவசரக்காரர்கள் தவறவிடும் கட்டம். வெட்டிய தலையை உடனே ஈரமண்ணில் நடக் கூடாது. காற்றோட்டமுள்ள நிழலில், ஒரு காலித் தம்ளரின் வாயில் தலையை உட்காரவைத்து, காம்பு உள்ளே அந்தரத்தில் தொங்கும்படி விட்டுவிட வேண்டும். நாலு முதல் ஏழு நாளில் வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் தோல்போல் கெட்டியாகும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பத்து நாள்கூட ஆகலாம். இலைகளில் சேமித்த தண்ணீர் அதுவரை தலைக்குப் போதும். அது வாடிவிடுமோ என்று தண்ணீர் தெளிப்பதுதான் அழுகலுக்கு வழி.

காய்ந்த தலையை, கழுவிய பருமணலும் செங்கல் பொடிக்கற்களும் அதிகமாக, மண் குறைவாகக் கலந்த உலர்ந்த கலவையில் ஊன்றினாள். வேர் இரண்டு முதல் நாலு வாரத்தில் வரும். தலையை லேசாக அசைத்துப் பார்த்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது. அதன் பிறகே முதல் தண்ணீர். இந்த நாட்களில் அடியிலைகள் ஒன்றிரண்டு சுருங்கிக் காய்வது இயல்பு, செடி அவற்றிலிருந்து சத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டால் குழைந்து விழுந்தால் அது அழுகல். உடனே வெளியே எடுத்து மேலே வெட்டியாக வேண்டும்.

கீழே நிற்கும் தண்டு

பலர் தலையை நட்டுவிட்டு அடித்தண்டைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் வெட்டின் பெரிய ஆதாயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு இலையடியிலும் உறங்கும் மொட்டு ஒன்று உண்டு. உச்சி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஆக்சின் அந்த மொட்டுகளைத் துளிர்க்கவிடாது. கென்னத் திமானும் போல்கே ஸ்கூகும் 1930களில் அவரைக் குடும்பச் செடியின் நுனியை நீக்கி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்து இதைச் சோதித்தார்கள். நுனி போனாலும் ஆக்சின் இருந்தவரை பக்கமொட்டுகள் அடங்கியே இருந்தன. எச்சிவேரியாவின் தலையை வெட்டுவதும் இந்தக் கட்டைத்தான் அவிழ்க்கிறது.

தண்டில் நாலைந்து நல்ல இலைகளை விட்டுவைத்தால் துளிர்களுக்குச் சத்து கிடைக்கும். வெறும் மொட்டைத்தண்டும் துளிர்க்கலாம், ஆனால் நிச்சயமில்லை. மொட்டுகள் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இலை குறைந்ததால் தண்டு குடிக்கும் நீரும் குறைந்துவிடும், தண்ணீரை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அவளுடைய தண்டில் தீபாவளிக்கு முன்பே நாலு கன்றுகள் கடுகளவில் தலைகாட்டின. அவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலமானதும் கிள்ளி நடலாம், அல்லது கொத்தாக அப்படியே விடலாம்.

கழற்றிய இலைகளும் செடியாகும். ரணகள்ளியின் இலை விளிம்பில் குட்டிச்செடி முளைப்பதைப் பார்த்தவர்கள் எச்சிவேரியா இலையையும் வெட்டி வைக்கிறார்கள். அது பலிக்காது. எச்சிவேரியாவில் முளைப்பது இலையின் அடிநுனியிலிருந்து மட்டுமே. இலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, அடிநுனி கிழியாமல் முழுதாகக் கழற்றி, உலர்ந்த மண்மேல் படுக்கவைக்க வேண்டும்.

எப்போது வெட்டக் கூடாது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெட்டுவாய் உலராது. கத்திரி வெயிலில் எச்சிவேரியா வளர்ச்சியை நிறுத்திச் சமாளித்துக்கொண்டிருக்கும், அப்போது பட்ட காயம் ஆறத் திணறும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மிகச் சிறந்த காலம். கூரையுள்ள பால்கனியில் ஆகஸ்ட், செப்டம்பரிலும் செய்யலாம்.

எல்லாச் சதைப்பற்றுச் செடிக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. ஹவார்த்தியா, கற்றாழை போன்றவை வெளிச்சம் குறைந்தால் இலையைத்தான் மெலிதாக நீட்டும், வெட்டுவதற்குத் தண்டே இருக்காது. அவற்றுக்கு இடமாற்றம் மட்டும் போதும், பழைய இலைகள் காலப்போக்கில் உதிர்ந்து புதியவை சரியாக வரும். தொங்கி வளரும் சீடம் வகைகளுக்கும், தண்டு நீண்டு படரும் கிராப்டோபெடாலத்துக்கும் ஓரளவு உயரம் பிறவிக்குணம். இலைகள் நெருக்கமாக இருக்கும்வரை அவற்றின் நீளத்தைக் குறையாக எண்ண வேண்டாம்.

ஆக, தலையை வெட்டினால் சரியாகுமா என்றால், ஏற்கெனவே கெட்ட உருவத்தை மட்டும் வெட்டு நீக்கும். அந்த உருவத்தைக் கெடுத்த வெளிச்சக் குறையை அது தொடுவதில்லை. உங்கள் செடி நீண்டிருந்தால் இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். உச்சியில் நெருக்கமான இலைகள் வந்த பிறகு பிளேடை எடுங்கள். இரண்டு மாதம் ஆகியும் புது இலைகள் இடைவெளியோடே வந்தால் வெட்டாதீர்கள், அந்த இடத்திலும் வெளிச்சம் போதவில்லை.